சிங்கப்பூருக்குப் போக ஜெர்மனி வழியா?

ஐடி அணிக்கு, விபிஎன் போட்டால் டிக்கெட் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்ற என் முறைப்பாட்டுக்கு தயவுசெய்து மறுபடியும் ‘ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ’ என்று மட்டும் எழுதாதீர்கள். வெள்ளவத்தையில் என் ஃபைபர் நன்றாகத்தான் ஓடுகிறது: விபிஎன் இல்லாமல் சிங்கப்பூருக்கு பிங் 50 மில்லிசெக்கன். விபிஎன்னைப் போட்டால் அதே சிங்கப்பூரில் இருக்கும் நம் டிக்கெட் சேர்வருக்கு 340! இணைத்திருக்கும் டிரேஸ்ரூட்டைப் பாருங்கள், பாக்கெட் முதலில் பிராங்க்பர்ட் கேட்வேக்குப் போய்த்தான் ஆசியாவுக்குத் திரும்புகிறது, காலிக்குப் போக யாழ்ப்பாணத்தைச் சுற்றுவதுபோல. டிக்கெட் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக 20 கோரிக்கை அனுப்புவதால் ஒவ்வொன்றிலும் அந்த 340 சேர்ந்து, திறக்கவே 7 செக்கன் ஆகிறது. பாண்ட்வித்தைக் கூட்டினாலும் இது குறையாது. சரி, சிங்கப்பூர் கேட்வேக்கு என் கணக்கை மாற்றிவிடுங்கள், அதே அளவீட்டைத் திரும்ப எடுத்து அனுப்புகிறேன்.