முடிவுகள் எதுவும் இல்லையாம்!

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குப் புது லேப்டாப்பில் வாட்ஸ்அப்பைத் திறந்து, ஹவுஸ் ஓனரோடு பேசிய பழைய மெசேஜ் ஒன்றுக்காக "கீசர்" என்று தேடினேன். முடிவுகள் எதுவும் இல்லை என்றது. ஹவுஸ் ஓனர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிற ஆள், அதனால் geyser என்று அடித்தேன். இல்லை. அவர் எழுத்துப்பிழைக்குப் பேர்போனவர், சரி, gyser. இல்லை. heater. இல்லை. கடைசியில் வெறும் water என்று போட்டேன், மெட்ரோ வாட்டர் லாரி வராத நாட்களின் முழு வரலாறும் வந்தது, கீசர் மட்டும் வரவில்லை. நானே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டேன். ஒருவேளை அந்த மெசேஜே வரவில்லையோ, நான்தான் கனவு கண்டேனோ என்று.

விஷயம் என்னவென்றால், இந்த மாதம் வீட்டைக் காலி செய்கிறோம். ஓனர் அட்வான்ஸில் கீசருக்கு நாலாயிரத்து ஐந்நூறு பிடிப்பேன் என்கிறார். "நீங்க வரும்போது நல்லாத்தான் தம்பி ஓடிச்சு" என்கிறார். 2022 மார்ச்சில் நாங்கள் குடிவந்த வாரமே அந்தக் கீசர் ஒழுகியது, போட்டோ எடுத்து அனுப்பினேன், அவரும் "பழசுதான், நான் மாத்தித் தர்றேன்" என்று பதில் போட்டார். இது என் மூளையில் கல்வெட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் கல்வெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதே.

சரி, தேடல்தான் மக்கு, நாமே மேலே போவோம் என்று ஓனர் சாட்டைத் திறந்து மௌஸ் சக்கரத்தை உருட்ட ஆரம்பித்தேன். உருட்டினேன், உருட்டினேன், வாடகை ரசீது, கரண்ட் பில், பொங்கல் வாழ்த்து, மறுபடி வாடகை ரசீது, விரல் வலிக்க உருட்டிக்கொண்டே போனால் சுமார் ஒரு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியில் சாட் டக்கென்று நின்றது. மேலே ஒரு சாம்பல் நிற வரி. இதற்கு முந்தைய செய்திகளைப் பார்க்க உங்கள் போனைப் பயன்படுத்தவும். அடேய்! இதைத் தேடும்போதே சொல்லியிருக்கக்கூடாதா? "என்னிடம் ஒரு வருடக் கதைதான் இருக்கிறது, அதில் கீசர் இல்லை" என்று சொல்வது ஒன்று. "இல்லை" என்று நீதிபதி மாதிரி தீர்ப்பு சொல்வது வேறொன்று. ரேஷன் கடையில் மூட்டையே இறங்காமல் "சர்க்கரை இல்லை, போ" என்பதுபோல, தன் கையில் இருப்பதை மட்டும் துழாவிவிட்டு உலகத்திலேயே இல்லை என்கிறது.

இதில் கூடுதல் எரிச்சல், என் பழைய லேப்டாப்பில் எல்லாம் இருந்தது. 2022-லிருந்து எல்லாம்! போன வாரம்வரை இருந்தது. ஆபீஸில் புது மெஷின் கொடுத்தார்கள், ஐடி டெஸ்க் தம்பி "பழசைக் கொடுக்கும்போது எல்லாத்திலயும் லாக்அவுட் பண்ணிருங்க சார்" என்றார். நானும் நல்ல பிள்ளையாகப் பண்ணினேன். அந்த ஒரு கிளிக்கில் மூன்று வருடம் காலி. போன் இருக்கிறதே, அதிலிருந்து திரும்ப எல்லாம் வந்துவிடும் என்றுதானே நினைப்போம்? போன் பக்கத்தில் இருக்கிறது, க்யூஆர் ஸ்கேன் பண்ணியாகிவிட்டது, "செய்திகள் ஒத்திசைக்கப்படுகின்றன" என்று ஒரு பச்சைக் கோடு வேறு நூறு சதவீதம்வரை ஓடிக் காட்டியது. நூறு சதவீதம்! எதில் நூறு?

பொறுக்காமல் நள்ளிரவில் என் நண்பனைக் கூப்பிட்டேன். அவன் இந்த மாதிரி மெசேஜிங் வேலையிலேயே தலைமுடி கொட்டியவன். "மச்சான், உன் பழைய லேப்டாப்புக்கும் யாரும் பழைய சாட்டை முழுசா கொடுக்கல. அது 2022 ஜனவரியிலேயே லிங்க் ஆயிடுச்சு. அன்னையிலேர்ந்து வந்ததையெல்லாம் அதுவே சேத்து வெச்சிருந்துச்சு. அவ்ளோதான்" என்றான். எனக்கு உறைக்கச் சில வினாடி ஆனது. அதாவது ஓனர் "மாத்தித் தர்றேன்" என்று அனுப்பியபோது, அவர் போன் அந்த ஒரே வரியை என் போனுக்கு ஒரு பூட்டுப் போட்டு ஒரு பிரதி, என் அப்போதைய லேப்டாப்புக்கு வேறு பூட்டுப் போட்டு இன்னொரு பிரதி என்று தனித்தனியாக அனுப்பியிருக்கிறது. நடுவில் இருக்கிற சர்வர் தபால்காரர் மாதிரி. கொடுத்தவுடன் அதனிடம் பிரதி கிடையாது. நாம் போனை அணைத்து வைத்திருந்தால் அதிகபட்சம் 30 நாள் வைத்திருக்கும், அப்புறம் அதுவும் போச்சு. இந்தப் புது லேப்டாப் 2022-ல் பிறக்கவே இல்லை. அதற்கென்று பூட்டிய பிரதி எங்கேயும் இல்லை, கேட்பதற்கு சர்வரிடமும் ஒன்றுமில்லை.

ஆக, பழைய கதை முழுசும் இருக்கிற ஒரே இடம் என் போன். லிங்க் பண்ணுகிற நேரத்தில் போன்தான் உட்கார்ந்து, தன்னிடம் இருப்பதில் சமீபத்திய பகுதியை மட்டும் ஒரு மூட்டையாகக் கட்டி, புது லேப்டாப் மட்டும் திறக்கிற மாதிரி பூட்டி, சர்வர் வழியாக அனுப்புகிறது. ஏன் முழுசையும் அனுப்பக்கூடாது என்று கத்தினேன். "உன் போன்ல அந்த ஆப் எவ்ளோ இடம் எடுத்துருக்கு, பாரு" என்றான். பார்த்தேன். 38 ஜிபி. அதைக் கட்டி, பூட்டி, போன் டேட்டாவில் ஏற்றி, லேப்டாப்பில் இறக்கி, பிரித்து அடுக்க வேண்டும், அதற்குள் போன் சூடாகிச் சார்ஜ் இறங்கிவிடும், நீயே பாதியில் ஆப்பை மூடிவிடுவாய் என்றான். பிரவுசரில் திறந்தால் நிலைமை இன்னும் மோசமாம். பிரவுசர் தளங்களுக்குக் கொடுப்பது வாடகை இடம், வட்டில் இடம் குறைந்தால் எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லும். (வாடகை, காலி. என் முன்னால் இந்த வார்த்தைகளைச் சொல்லாதே என்றேன்.)

இதெல்லாம் புரிகிறது. நியாயம்கூட இருக்கிறது. எனக்கு நியாயம் வேண்டாம், கீசர் வேண்டும்.

இன்னொன்று சொன்னான், அதுதான் என்னை உட்கார வைத்தது. முன்பெல்லாம் லேப்டாப் வெறும் கண்ணாடியாக இருந்தது ஞாபகம் இருக்கிறதா? போன் ஆன்லைனில் இருந்தால்தான் லேப்டாப்பில் சாட் தெரியும், போன் சார்ஜ் போனால் "போன் இணைக்கப்படவில்லை" என்று மஞ்சள் பட்டை வந்து குதிக்கும். ஆனால் அப்போது எவ்வளவு மேலே உருட்டினாலும் போனிலிருந்து இழுத்து இழுத்துக் காட்டும். நாம்தான் ஊரெல்லாம் திட்டினோம், போன் இல்லாமல் ஓட வேண்டும் என்று. 2021 ஜூலையில் அதற்கான பீட்டா வந்தது, லேப்டாப் தன் காலில் நின்றது. தன் காலில் நிற்கிற பிள்ளை தன் சொத்தைத்தானே காட்டும்? கேட்டு வாங்கிய வரம்.

இதே பிரச்சனை வேறெங்கும் இல்லையா என்றால், டெலிகிராமில் சாதாரண சாட்டெல்லாம் அவர்கள் சர்வரிலேயே இருக்கிறது, அதனால் எந்த லேப்டாப்பில் நுழைந்தாலும் முதல் நாள் "ஹாய்" வரைக்கும் தெரியும். அதாவது அவர்கள் கையிலும் இருக்கிறது என்று அர்த்தம். சிக்னல் அதற்கு நேர் எதிர். 2025 ஜனவரி வரைக்கும் புதிதாக லிங்க் செய்த கணினிக்கு ஒரு வரிகூடப் பழசு கிடையாது. அப்புறம்தான் மெசேஜ்களையும் கடைசி 45 நாள் படங்களையும் போனிலிருந்து மாற்றிக்கொள்ள விட்டார்கள். இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்துகிறானாம்.

கீசருக்கு வருகிறேன். அந்தச் சாம்பல் வரியைச் சுரண்டிப் பார்த்ததில், சில சாட்டுகளில் அதன் இடத்தில் இன்னொரு வரி வருகிறது. பழைய செய்திகளைப் போனிலிருந்து பெற இங்கே கிளிக் செய்யவும். ஆஹா, வழி பிறந்தது! கிளிக் பண்ணினேன். போனில் ஆப்பைத் திறந்து வையுங்கள் என்றது. போன் ஹாலில் சார்ஜில். போய்த் திறந்து வைத்துவிட்டு வந்தேன். கொஞ்சம் வந்தது, ஒரு பத்து நாள். மறுபடி அதே வரி. மறுபடி கிளிக். அதற்குள் போன் திரை அணைந்துவிட்டது. ஹாலுக்கு ஓடினேன், திரையைத் தட்டினேன், ஓடிவந்தேன். இன்னும் பத்து நாள். இப்படி ஹாலுக்கும் ரூமுக்கும் ஆறு தடவை ஓடி இரண்டு மாதம் பின்னால் போயிருந்தேன். 2022 மார்ச்சுக்கு இந்தக் கணக்கில் எத்தனை கிலோமீட்டர் என்று கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி கதவருகே நின்று, "போனே உங்க கையிலதானே இருக்கு, அதுல தேடுனா என்ன?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை.

போனில் geyser என்று அடித்தேன். அரை வினாடி. போட்டோவோடு வந்தது. (அந்த ஒரு வருடத்துக்குள் இருக்கிற படங்களே லேப்டாப்பில் மங்கலாகத்தான் தெரிகின்றன, மூட்டையில் வருவது தபால்தலை அளவு நிழல்தான், அசல் படத்தைப் போன் மறுபடி ஏற்றிக் கொடுக்க வேண்டும்.) அந்த சாட்டைப் போனிலேயே எக்ஸ்போர்ட் செய்து எனக்கே மெயில் அனுப்பிக்கொண்டேன். சாதாரண டெக்ஸ்ட் பைல், எந்த லேப்டாப்பும் இல்லை என்று சொல்ல முடியாத பைல். அதில் தெளிவாக இருந்தது:

```
12/03/22, 9:14 am - ஹவுஸ் ஓனர்: palasu than thambi, nan mathi tharen
```

அன்புள்ள gyser-காரர் அந்த வரியில் கீசர் என்ற வார்த்தையையே போடவில்லை. அது என் கேள்வியில்தான் இருந்தது. முழு வரலாறு லேப்டாப்பில் இருந்து, அவர் பதிலை நினைத்துக்கொண்டு தேடியிருந்தாலும் மணிக்கணக்கில் திணறியிருப்பேன் என்று தோன்றியது, சிரிப்பு வந்துவிட்டது. நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து மனைவி லைட்டை அணைத்துவிட்டுப் போனாள்.

இதில் என் புது லேப்டாப் எதை மட்டும் ஒன்றுவிடாமல் பத்திரமாக வாங்கி வைத்திருக்கிறது தெரியுமா? எங்கள் குடும்ப குரூப்பில் பெரியம்மா ஒரு வருடமாக அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கம் அத்தனையும். தேதி வாரியாக.

காலையில் ஸ்கிரீன்ஷாட்டை ஓனருக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக். பத்து நிமிஷம் டைப்பிங், டைப்பிங், டைப்பிங். "சரி தம்பி, கீசர் விட்டுடலாம். பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கறேன்."

நாங்கள் குடிவந்தபோதும் பெயின்ட் அடித்துத் தரவில்லையே அய்யா! சுவரில் முன்னால் இருந்தவர்களின் பிள்ளை வரைந்த யானை இன்னும் இருக்கிறது! அதற்கும் ஒரு போட்டோ அனுப்பினேனா, இல்லையா? அனுப்பினேன் என்றுதான் நினைக்கிறேன். எந்த வார்த்தையில் தேடுவது? yanai? elephant? wall?