ஆஸ்பில்டுங்: பணம் யார் கையிலிருந்து யாருக்கு?

ஆஸ்பில்டுங் என்பது ஜெர்மனியின் தொழிற்பயிற்சி. அதைப் பற்றி ஓர் அண்ணன் சொன்னது: “ஜெர்மனியில் ஆஸ்பில்டுங் சேர, அங்குள்ள கம்பெனிக்கு ஆறு லட்சம் பயிற்சிக் கட்டணம் கட்டணும்.”

அது அப்படியில்லை, அண்ணே. கம்பெனியும் தொழிற்பள்ளியும் சேர்ந்து நடத்தும் பயிற்சியில் கம்பெனிதான் நமக்கு மாதச் சம்பளம் தரும். 2025-இல் தொடங்கியவர்களுக்கு முதல் வருடச் சட்டப்படியான குறைந்தபட்சம் பொதுவாக மாதம் 682 யூரோ. சில தனியார் பள்ளிகள் கட்டணம் வாங்குவதுண்டு, அது வேறு வகை.

வங்கியில் பணம் போட்டுக் காட்டணும் என்று தக்கலைத் தம்பி ஒருவர் சொன்னதும் பாதி உண்மைதான். சம்பளம் செலவுக்குப் போதாவிட்டால் விசாவுக்காகக் காட்டுவது அந்தப் பணம். ஆனால் நம் பெயரிலேயே இருக்கும், அங்கே போய் மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம்.

ஏஜென்ட் சொல்வதைச் சரிபார்க்க, பயிற்சி ஒப்பந்தத்தைக் கேளுங்கள். மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்ட் என் மச்சானிடம் நீட்டிய நாலு பக்கக் காகிதத்தில் சம்பளம் எழுதும் கட்டம் காலி! உண்மையான ஒப்பந்தத்தில் தொழிலின் பெயர், எத்தனை வருடம், ஒவ்வொரு வருடமும் எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் இருக்கும். சமையல், மெக்கானிக் போன்ற தொழில்களில் அந்தப் பகுதியின் தொழில் வணிகச் சபையிலோ கைவினைச் சபையிலோ அது பதிவாக வேண்டும். கம்பெனி பெயரைச் சொல்லி, பயிற்சி தர அதற்குத் தகுதி உண்டா என்று அந்தச் சபைக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். நர்சிங்குக்கு இந்தச் சபை வழி பொருந்தாது.