குறுக்கா நேரா என்று ஒரு வார்த்தை எழுதி ஒட்டினால் என்ன குறைந்து போகும்?

என் பையில் சீரியல் கேபிளின் முனையில் செருகுகிற இரண்டு சின்னக் கறுப்புக் கட்டிகள் இருக்கின்றன. கட்டைவிரல் அகலம், இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது ஓட்டை. ஒன்று ஜெண்டர் சேஞ்சர், உள்ளே வரும் ஒயரை அப்படியே நேராக மறுபக்கம் கொடுக்கும். இன்னொன்று நல் மோடம் அடாப்டர், அனுப்புவதற்கும் கேட்பதற்கும் உள்ள 2, 3 என்ற பின்களைக் குறுக்கே மாற்றிக் கொடுக்கும். எடை, நிறம், பளபளப்பு, எல்லாம் ஒன்றுதான். எதிலும் ஒரு எழுத்து கிடையாது. செய்தவனுக்குத் தெரியும், விற்றவனுக்கு ஒருவேளை தெரியும், ராக்குக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிற எனக்கு மட்டும் தெரியக் கூடாது. நேற்று இதற்கு மூன்று மணி நேரம் அழுதேன்.

வேலை என்னவோ அற்பமானது. ஒரு பழைய நெட்வொர்க் சுவிட்ச். யாரோ ஐபி முகவரியை மாற்றிவிட்டு எழுதி வைக்காமல் போய்விட்டார்கள், கன்சோல் வழியாகத்தான் உள்ளே போக முடியும். கன்சோல் போர்ட் ஒன்பது பின் ஆண் கனெக்டர். என் லேப்டாப்பின் யுஎஸ்பி சீரியல் அடாப்டரும் ஆண். நடுவில் ஒரு முனை ஆண், ஒரு முனை பெண்ணாக ஒரு நேர் கேபிள் போட்டு, அதன் ஆண் முனையில் இந்தக் கட்டியைச் செருகி, சுவிட்சில் மாட்ட வேண்டும். மாட்டினேன். 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். திரை காலி.

சுவிட்சை அணைத்துப் போட்டேன். அப்போதும் காலி. வேகத்தை 19200, 38400, 115200 என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். அது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். வேகம் தப்பாக இருந்தால் பூட் ஆகும்போது குப்பை எழுத்தாவது வரும். ஒன்றுமே வராவிட்டால் ஒயரைத்தான் பார்க்க வேண்டும். அடாப்டர் செத்துவிட்டதோ என்று அதைக் கழற்றி, சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் பின் 2, பின் 3 இரண்டையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டு தட்டினேன். அடிக்கிற எழுத்து திரும்பி வர வேண்டும். வரவில்லை. இன்னொரு அடாப்டர் எடுத்தேன், அதிலும் வரவில்லை. இரண்டும் ஒரே நாளில் செத்துப்போகுமா? அந்தச் சந்தேகம் அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது.

கடைசியில் மல்டிமீட்டரை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. இந்தச் சீரியல் போர்ட்டுகளின் தரமான ஆர்எஸ்-232-இல் அனுப்பும் ஒயர் சும்மா இருக்கும்போது மைனஸ் வோல்ட்டில் நிற்கும். பின் 5 கிரவுண்ட். கறுப்பு முனையை அதில் வைத்து, சிவப்பு முனையால் 2-ஐயும் 3-ஐயும் தொட்டுப் பார்த்தால் எதில் மைனஸ் காட்டுகிறதோ அதுதான் அந்தப் பெட்டி பேசும் பின். கேட்கும் பின் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். சுவிட்சில் பின் 3-இல் மைனஸ் 6 வோல்ட் சொச்சம். என் அடாப்டரிலும் பின் 3-இல்தான் மைனஸ். இரண்டு பேரும் ஒரே பின்னில் பேசுகிறார்கள், இரண்டு பேரும் ஒரே பின்னில் கேட்கிறார்கள். நேர் ஒயர் போட்டால் வாய்க்கு எதிரே வாய், காதுக்கு எதிரே காது. இதனால் எதுவும் எரிந்துபோகாது, ஷார்ட் ஆனாலும் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரு எழுத்தும் நகராது.

இதற்கெல்லாம் மூலம் 1960-இல் இருக்கிறது. ஆர்எஸ்-232 ஒரு பக்கம் டெர்மினல், மறு பக்கம் மோடம் என்று நினைத்து எழுதப்பட்டது. டெர்மினல் அனுப்பும் ஒயருக்கு ‘டிரான்ஸ்மிட்’ என்று பெயர். மோடத்திலும் அதே பின்னுக்கு அதே பெயர், ஆனால் மோடம் அதில் கேட்கும். அதனால்தான் நேர் கேபிள் போதும். இன்றைக்கு மோடத்தை யார் கண்டது? லேப்டாப்பும் டெர்மினல் வேஷம், சுவிட்சும் டெர்மினல் வேஷம். இல்லாத மோடத்துக்குப் பதிலாக நாம் ஒயரைக் குறுக்கே மாற்றுகிறோம், பெயரும் நல் மோடம். சரி, டெர்மினல் என்றால் ஆண், மோடம் என்றால் பெண் என்கிற வழக்கத்தையாவது எல்லாரும் மதிக்கிறார்களா? அதுவும் இல்லை. கனெக்டரைப் பார்த்து முடிவு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இனிமேல் கட்டியைச் சோதிக்க வேண்டும். மீட்டரின் முனை அந்த ஓட்டைக்குள் போகாது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி இரண்டு துண்டாக்கி, இந்தப் பக்கம் 2-இல் ஒன்று, அந்தப் பக்கம் 2-இல் ஒன்று. எண்கள் ஓட்டைக்குப் பக்கத்தில் எறும்புக்கால் அளவில் அச்சாகியிருக்கும், டார்ச் அடித்தால்தான் தெரியும். பீப் சத்தம் வந்தது. 2-க்கு 2. நான் இவ்வளவு நேரம் போட்டிருந்தது ஜெண்டர் சேஞ்சர். மற்றதில் 2-க்கு 3-இல் பீப். அதுதான் நல் மோடம்.

இந்த இடத்தில் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கேபிளே குறுக்குக் கேபிளாக இருந்து, அதோடு நல் மோடம் கட்டியும் சேர்ந்தால் இரண்டு குறுக்கும் சேர்ந்து நேராகிவிடும். அதற்கும் ஒரு முறை ஒரு மாலை முழுக்கப் போயிருக்கிறது.

சரி, மாற்றினேன். பூட் செய்திகள் மளமளவென்று ஓடின. கடைசியில் என்டரைத் தட்டச் சொன்னது. தட்டினேன். தட்டினேன். கீபோர்டே உடையும் அளவுக்குத் தட்டினேன். அசையவில்லை. படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை!

மறுபடி பேப்பர் கிளிப். இந்தப் பக்கம் 7, அந்தப் பக்கம் 8. சத்தம் இல்லை. முழு நல் மோடத்தில் 7-ம் 8-ம் குறுக்கே போக வேண்டும், 4 எதிர்ப்பக்கத்து 6-க்கும் 1-க்கும் போக வேண்டும். என் கட்டியில் 2, 3, 5 மூன்றே ஒயர். மற்ற ஒயர்களைப் போடாமல், செய்தவன் காசை மிச்சம் பிடித்துவிட்டான். லேப்டாப்பில் நான் தட்டுகிற மினிகாம் என்ற டெர்மினல் புரோகிராமோ ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை இயல்பாகவே போட்டு வைத்திருக்கிறது. ‘அனுப்பலாம்’ என்று பின் 8-இல் சைகை வந்தால்தான் அது ஒரு எழுத்தையாவது வெளியே விடும். ஒயரே இல்லாத இடத்தில் சைகை எங்கிருந்து வரும்?

```
minicom -s
```

அதில் `Serial port setup` போய் F-ஐத் தட்டி `Hardware Flow Control` என்பதை `No` ஆக்கினேன். உயிர் வந்தது. அந்த இரண்டு அடாப்டர்களும் செத்துப்போகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பின் 2-ஐயும் 3-ஐயும் தொட்டபோது எழுத்து திரும்பி வராததற்கும் இதே பூட்டுதான் காரணம், எழுத்து வெளியே கிளம்பவே இல்லை. ஒன்றை நான் ஏற்கெனவே குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன். குனிந்து எடுத்தேன்.

உள்ளே போய் ஐபியை மாற்றிச் சேமிக்க நான்கு நிமிடம். முடிந்தது என்று கேபிளின் திருகைக் கழற்றினால், திருகு கழன்று வராமல் கட்டியில் இருந்த அறுகோண நட்டையும் சேர்த்துத் திருகிக்கொண்டு வந்துவிட்டது. இப்போது கேபிளின் நுனியில் அந்த நட்டு கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது, இடுக்கி போட்டும் வரவில்லை. நல் மோடம் கட்டியை இனிமேல் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பக்கம் நட்டு இல்லாதது.