டைப்பிங் வந்து மறைந்தால் கள்ளியா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம்ம பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடிய வீடியோவைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீடியோவில் மாட்டியவள், குரூப் பைசாவுக்குக் கணக்கு வைத்திருந்த பெண். திங்கள்கிழமை சாயந்தரம் அவள் கணக்கைப் போட்டாள். 38,400 ரூபாய் வரவு, பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர் மெஷின் வாங்கிய செலவு, மீதி, ரசீது போட்டோ எல்லாம் இருந்தது. எல்லாம் சரியாகவும் இருந்தது. சிரித்தவர்கள் ஆளுக்கொரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அத்தோடு விஷயம் முடிந்ததாம். எனக்கு முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பார்க்காதவர்கள் குறைவுதான், ஆனாலும் சொல்கிறேன். குரூப்பில் மூத்த அண்ணன் ஒருவர் அவளிடம் தனியாக, "பைசா கணக்கு என்னாச்சு பிள்ளே?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் வருவதற்குள் மேலே `typing…` என்று வந்து வந்து மறைந்ததை ஸ்கிரீன் ரெக்கார்டு எடுத்திருக்கிறார். 2 நிமிஷம் 40 வினாடி. ஒன்பது தடவை வந்தது, ஒன்பது தடவை மறைந்தது. கடைசியில், "நாளைக்குச் சாயந்தரம் போடுதேன் அண்ணா." இதை அப்படியே குரூப்பில் போட்டு, கீழே ஒரு வரி: "கள்ளி ஆலோசிக்கா பாருங்க." அறுபது பேர் சிரித்தார்கள்.

நான் திருவனந்தபுரத்தில் ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் சாட் மென்பொருள் எழுதியவன். காலையில் இரணியலில் ரயில் ஏறி, ராத்திரி வந்து இறங்கி, இந்த டைப்பிங் சமாச்சாரத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஒன்பது என்ற எண் அவள் மனசைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அது அவள் விரலைப் பற்றியும் ஒரு டைமரைப் பற்றியும் மட்டுமே சொல்கிறது.

எப்படி என்று விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் கட்டத்தில் ஒரு எழுத்தைத் தட்டியதும் உங்கள் போன் எதிராளிக்கு ஒரு சின்னத் தகவல் அனுப்பும். என்ன எழுதினீர்கள் என்பது அதில் இருக்காது. தட்டுகிறார் என்பது மட்டும்தான் இருக்கும். சாட் மென்பொருள்களுக்கென்று எக்ஸ்எம்பிபி என்று ஒரு பொது விதி உண்டு. அதில் இதற்குப் பெயர் `composing`. கொஞ்ச நேரம் விரல் அசையாமல் இருந்தால் `paused` என்று இன்னொரு தகவல் போகும், எதிராளியின் திரையில் டைப்பிங் மறையும். அந்தத் தகவல் வழியில் தொலைந்தாலும் எதிராளியின் போனே ஒரு கெடு வைத்து அழித்துவிடும். இல்லாவிட்டால், தட்டிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போன ஒருவர் விடியும்வரை தட்டுவதாகக் காட்டும்.

அந்த "கொஞ்ச நேரம்" எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எக்ஸ்எம்பிபி விதி உதாரணமாகச் சொல்வது 30 வினாடி. டெலிகிராமில் ஒரு தடவை வந்த தகவலுக்கு 6 வினாடிதான் ஆயுசு. அதற்குள் அடுத்தது வராவிட்டால் மறைந்துவிடும். இப்போது ஒரு பெண் 4 வினாடி தட்டுகிறாள், நோட்டைப் பார்க்க 10 வினாடி நிறுத்துகிறாள், மறுபடி 4 வினாடி, மறுபடி 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 வினாடிக் கெடு உள்ள ஆப்பில் அவள் ஒரு தடவைகூட நிறுத்தாமல் மளமளவென்று எழுதுவதாகத் தெரியும். 6 வினாடிக் கெடுவில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மறைந்து மறைந்து வரும். அதே பெண், அதே கணக்கு, அதே பதில். ஒரு ஆப்பில் நேர்மையானவள், இன்னொன்றில் கள்ளி. அறுபது பேர் சிரித்தது இதைப் பார்த்துத்தான்.

அந்த வீடியோவை நான் நாலு தடவை பார்த்தேன். அதில் இன்னொன்றும் இருக்கிறது. டைப்பிங் மறைந்த இடைவெளி மொத்தம் எட்டு. அதில் ஐந்தில் `online` என்று இருந்தது. அதாவது அவள் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு விரலை மட்டும் நிறுத்தியிருக்கிறாள். மற்ற மூன்றில் `online` என்பதும் போய்விட்டது. அதற்கு அர்த்தம், ஒன்று அவள் ஆப்பை விட்டு வெளியே போயிருக்கிறாள், இல்லையென்றால் லைன் அறுந்திருக்கிறது. இந்த இரண்டில் எது என்று திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில், மலையோரத்தில் இருக்கிறது அவள் வீடு. மழை பெய்தால் அங்கே டவர் கிடைப்பதே பெரும்பாடு என்பது குரூப்பில் எல்லாருக்கும் தெரியும். அவளிடமே கேட்டேன். ஒரு தடவை ஜிபேயில் பழைய வரவைத் தேடப் போயிருக்கிறாள். ஒரு தடவை அவள் மாமியார் கூப்பிட்டிருக்கிறார். மூன்றாவது அவளுக்கு ஓர்மையில்லை. ஓர்மையில்லாததுதான் இயல்பு. தான் விரலை எடுத்த கணங்களுக்கெல்லாம் யார் கணக்கு வைப்பார்கள்?

"அவ உனக்குச் சொந்தக்காரி, அதான் பேசுத" என்று ஒருவர் தனியாக எழுதினார். சொந்தம்தான், மறைக்கவில்லை. என் சித்தி மகள். சொந்தக்காரன் சொன்னால் டைமர் மாறிவிடுமா?

"தயங்கினா சந்தேகம் வரத்தானே செய்யும்" என்று இன்னொருவர். இதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நேரில் பேசும்போது நம் காது அப்படித்தான் பழகியிருக்கிறது. 2009-இல் பத்து மொழிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஆமாவா இல்லையா என்று கேட்டால் பதில் வருவதற்குச் சராசரியாக ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். சம்மதம் சட்டென்று வரும். "இல்லை" என்பது கொஞ்சம் இழுத்து, "அது வந்து..." என்று வரும். "நாளைக்கு வாறியா?" என்று கேட்டு ஒரு வினாடி மௌனம் வந்தால், வரமாட்டான் என்று நமக்கே புரிந்துவிடும். அந்தக் காதை அப்படியே எடுத்து இந்தத் திரையில் வைக்கிறோம், அங்கேதான் தப்பு. நேரில் மௌனம் என்றால் ஆள் நம் முன்னால் நிற்கிறார், முகம் தெரிகிறது, அடுப்பில் பால் பொங்குவதும் தெரிகிறது. இங்கே தெரிவது ஒரு சொல் வந்ததும் போனதும் மட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உண்மையிலேயே ஏமாற்றுகிறவன் இந்த வீடியோவில் மாட்டவே மாட்டான். அவன் பதிலை வேறு இடத்தில் நிதானமாக எழுதி, சரிபார்த்து, கொண்டுவந்து ஒட்டி அனுப்புவான். எதிராளிக்கு டைப்பிங் ஒரு நொடி தெரிந்தால் அதிகம். "எவ்வளவு தெளிவா சொல்லுதான் பாரு" என்று நாமே மெச்சுவோம். கேட்ட இடத்திலேயே, கேட்டவர் கண்முன்னாலேயே உட்கார்ந்து சரியாகச் சொல்ல முயல்கிறவர்தான் மாட்டுகிறார்.

எழுதி எழுதி அழிப்பது குற்றமென்றால் இந்த முகநூலில் மிச்சம் யார்? 2013-இல் முகநூல் ஆய்வாளர்களே 39 லட்சம் பேரை 17 நாள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பதிவிலோ கமெண்டிலோ ஐந்து எழுத்துக்கு மேல் தட்டிவிட்டு, பத்து நிமிஷத்துக்குள் போடாமல் விட்டதை மட்டும் எண்ணினார்கள். நூற்றுக்கு 71 பேர் ஒரு தடவையாவது அப்படி விட்டிருந்தார்கள்.

எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். இதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

அப்பா இறந்து முதல் வருஷத் திதிக்கு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் அப்போது குவைத்தில் நர்ஸ். "எக்கா, வருவியா?" இவ்வளவுதான் கேட்டேன். டைப்பிங் வந்தது, போனது, வந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் அதையே பார்த்துக்கொண்டு வீட்டு நடையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "வர முடியாது மக்கா. நீ நல்லபடியா நடத்து." சாக்கு தேடியிருக்கிறாள், ஒன்றும் அமையாமல் இப்படி முடித்துவிட்டாள் என்று நானே முடிவு கட்டினேன். இந்தச் சங்கதியெல்லாம் தெரிந்த நான், கம்பெனியில் உட்கார்ந்து அந்த டைமரைக் கையால் மாற்றி எழுதிய நான்! நாலு மாதம் அவளைக் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டாலும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன்.

பிறகு லீவில் வந்தபோது ஒருநாள் ராத்திரி, அம்மா தூங்கின பிறகு அவளே சொன்னாள். பாஸ்போர்ட்டை வேலை கொடுத்தவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு தரவில்லை. அதை முழுக்க எழுதியிருக்கிறாள். இதைப் படித்தால் இவன் ராத்திரியே எங்காவது கடன் வாங்கி ஆள் பிடிக்கப் போவான் என்று அழித்திருக்கிறாள். மறுபடி சுருக்கி எழுதியிருக்கிறாள். அம்மா படித்துவிட்டால் என்ன செய்வது என்று அதையும் அழித்திருக்கிறாள். வீட்டுக் கடன் அப்போது என் கழுத்தில் இருந்தது அவளுக்குத் தெரியும். "உனக்கு எதுக்கு பாரம்னு விட்டேன்" என்றாள். நான் வாய் திறக்கவில்லை.

ஆக, தயக்கத்துக்கு அர்த்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அக்காவின் தயக்கத்துக்கு அர்த்தம் இருந்தது. நான் நினைத்ததற்கு நேர் எதிரான அர்த்தம். அதை அந்தச் சொல் எனக்குச் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள், அதுவும் ஒரு வருஷம் கழித்து. நான் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளோ என்னவோ.

"சும்மா தமாஷுக்குப் போட்டது, இதுக்குப் போய்..." என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் வீட்டுக்காரர் அந்த வீடியோவைப் பார்த்தார். அவள் மாமியார் பார்த்தார். ரப்பர் வெட்டுக்குப் போகிற இடத்தில் "என்ன பிள்ளே, ஒம்பது தடவையாமே" என்று கேட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக்கை அணைத்துவிடலாம், கடைசியாக எப்போது வந்தோம் என்பதை மறைக்கலாம். டைப்பிங்கை மட்டும் அணைக்க வழியில்லை. சிக்னலில் அணைக்கலாம், அணைத்தால் மற்றவர்கள் தட்டுவதும் நமக்குத் தெரியாது. நியாயமான ஏற்பாடு. இப்போது அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? யார் என்ன கேட்டாலும் போனை விமான மோடில் போட்டு, எழுதி முடித்து, பிறகு திறந்து விடுகிறாள். "சாப்பிட்டியா" என்று நான் கேட்டதற்குக்கூட அப்படித்தான் பதில் வந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

கணக்கு கேட்டது தப்பே இல்லை அண்ணே. ஊர்ப் பைசா, கேட்கத்தான் வேண்டும். நீங்கள் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன நேரத்தில் பதிலும் வந்துவிட்டது. அந்த வீடியோ மட்டும் குரூப்பில் இன்னும் கிடக்கிறது. இன்று காலையிலும் பார்த்தேன். நீங்கள் போட்டதை நீங்களே எடுத்துவிடுங்கள். அவளை ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். டைப் செய்ய வேண்டாம், கூப்பிட்டே பேசுங்கள்.