குளிர்ந்த காற்று, மறைந்துபோகும் வியர்வை

"கோத்தகிரியில் என்ன வெயில்? வெயிலில் கவனமாக இருங்கள் என்கிற இந்த அறிவிப்பெல்லாம் சமவெளிக்காரர்களுக்குத்தானே?"

கொழுந்து பறிக்கிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். உடம்பைச் சூடாக்குவது வெயில் மட்டும் இல்லை, வேலையும்தான். இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள், காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் கொழுந்து மூட்டை. அப்படியே எடை போடும் இடத்துக்கு மேடேற வேண்டும். மலைக்காற்றில் வியர்வை சட்டென்று காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும்.

போன ஏப்ரலில் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, தலை சுற்றல் வேறு. காலையிலிருந்து ஒரு டம்ளர் வரக்காப்பி மட்டும்தான். தோட்டத்தில் கழிப்பறை இல்லை, அதனால் தண்ணீரே குடிப்பதில்லையாம். இது யார் தப்பு? நிழலில் படுக்கவைத்து, பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். கரண்டியைக் குவிக்காமல் தலைதட்டித்தான் அளக்கணும். உப்பு கூடினால் ஆபத்து. அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

பேச்சு குளறினாலோ, ஆளையே அடையாளம் தெரியாமல் விழித்தாலோ கதை வேறு. அப்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்கணும். மலைப்பாதையில் வண்டி வர நேரமாகும், அதனால் இதை நிறுத்தவே கூடாது. வியர்வை கொட்டுகிறதே, இது வெயில் தாக்கு இல்லை என்று மேஸ்திரி சொன்னால் நம்பாதீர்கள். வேலை செய்துகொண்டே விழுகிறவர்களுக்கு வியர்வை நிற்காமலும் இருக்கும்.