மை ஃபாதர் வொர்க்கிங் கம்பெனி

அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், நான் மறுபடியும் இங்கே போடப் போவதில்லை. மூன்று நாளில் நான்கு குழுக்களிலிருந்து எனக்கே வந்துவிட்டது, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளோடு. பையன் எழுந்து நின்று "மை ஃபாதர் வொர்க்கிங் கம்பெனி..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறான். ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறவர் கூட்டத்தைப் பார்த்து, "தமிழ் தலைகீழ் மொழி, வினைச்சொல்லைக் கடைசியில் ஒளித்துவைக்கும், அதனால்தான் நமக்கு வேகமாக யோசிக்க வராது, முதலில் தமிழில் யோசிப்பதை நிறுத்துங்கள்" என்கிறார். கைதட்டல் வேறு. இதை அவர் தமிழில் சொன்னார் என்பதையும், 'நிறுத்துங்கள்' என்பதைக் கடைசியில் வைத்துத்தான் சொன்னார் என்பதையும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தமிழ் தலைகீழ் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், தலைகீழ் இல்லை. 1,300-க்கும் மேற்பட்ட மொழிகளை ஒப்பிட்ட ஒரு மொழியியல் தொகுப்பில், எழுவாய், செயப்படுபொருள், அப்புறம் வினை என்று வரும் மொழிகள்தான் அதிகம், 560-க்கு மேல். ஆங்கிலத்தைப் போல நடுவில் வினை வருபவை 480 சொச்சம். ஜப்பானியம், கொரியம், துருக்கி எல்லாம் நம் பக்கம்தான். வேகமாக யோசிக்க வராது என்று ஜப்பான்காரரிடம் போய்ச் சொல்லட்டும் பார்ப்போம்.

ஏன் கடைசியில் வைக்கிறோம் என்றால், வினையை மட்டும் எடுத்துக் கடைசியில் வைக்கவில்லை என்பதுதான் பதில். பழைய திராவிட மூலத்திலிருந்தே நமக்கு வந்த ஒழுங்கு இது, தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் இருக்கிறது: விளக்குவது முன்னால், விளக்கப்படுவது பின்னால். 'இன் தி ஃபைல்' என்று ஆங்கிலக்காரர்கள் முன்னால் ஒட்டுவதை நாம் 'கோப்பில்' என்று வாலில் ஒட்டுகிறோம். அவர்களுடைய 'இஃப்' முதலிலேயே வந்துவிடும், நம்முடைய 'ஆல்' 'வந்தால்' என்று வினையின் நுனியில் இருக்கும். எல்லாம் ஒரே சாய்மானம். நம் இலக்கணக்காரர்கள் வைத்த பெயரைப் பாருங்கள், வாக்கியத்தை முடிக்கிற வினைக்கு முற்று, முடிக்காமல் தொங்குகிற வினைக்கு எச்சம். 'வந்து, பார்த்து, பேசிவிட்டுப் போனான்' என்பதில் முற்று ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் எச்சம். (இன்னொரு கூட்டம் இருக்கிறது, "முழுவதும் கேட்ட பிறகே முடிவு சொல்லும் தமிழர் பண்பு" என்று மார்தட்டுகிற கூட்டம். அவர்களும் சும்மா இருக்கலாம். இது பண்பு இல்லை, அமைப்பு.)

இப்போது அந்தப் பையனிடம் வருவோம். 'ஐ புக் ரீட்' என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. சின்ன வாக்கியத்தில் வினையை இடம் மாற்றுவதை எல்லாரும் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். தடுக்கி விழுவது அங்கே இல்லை. பெயரெச்சத்தில். 'அப்பா வேலை பார்க்கும் கம்பெனி' என்பதில் 'பார்க்கும்' ஒரு பெயரெச்சம், பின்னால் வரும் கம்பெனியைத் தாங்கி நிற்கிறது. அவன் அதை அப்படியே தூக்கி 'வொர்க்கிங்' ஆக்கினான். ஆங்கிலத்தில் கம்பெனி முதலில் வந்து, அதற்குப் பிறகு விளக்கம் வர வேண்டும்: 'தி கம்பெனி மை ஃபாதர் வொர்க்ஸ் ஃபார்'. சரியான தமிழ் வாக்கியத்தை வைத்துக்கொண்டு நின்றான் அவன், அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், நானும் அங்கே நின்றிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தொலைபேசிக் கூட்டம். 'நீங்கள் போன வாரம் அனுப்பிய கோப்பில் இருந்த பிழையைச் சரிசெய்துவிட்டேன்.' இதைத்தான் சொல்ல வேண்டும். நான் தமிழ் வரிசையிலேயே கிளம்பினேன்: "லாஸ்ட் வீக் யூ சென்ட் ஃபைல்... இன் தட் ஃபைல் எர்ரர்..." மறுமுனையில் ஒரு நொடி மௌனம். அப்புறம் அந்த அம்மா மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார்! தப்பான கோப்பை அனுப்பிவிட்டேனா என்று. ஆங்கிலம் கேட்கிற காது முதலில் வரும் முழு வினையையே செய்தி என்று எடுத்துக்கொள்கிறது. நான் முன்னுரை சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் குற்றச்சாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல சேதி சொல்லப் போனவள் நான். கூட்டம் முடிந்ததும் மேலாளர் என்னிடம் "இனி நீ மின்னஞ்சலில் மட்டும் பேசு" என்றார். பத்து வருடம் ஆகிறது, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் அந்த வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பிடித்துப் பாருங்கள். 'சரிசெய்துவிட்டேன்', அதன் வாலில் உள்ள 'ஏன்' விகுதி யார் என்று சொல்லிவிடுகிறது: ஐ ஹேவ் கரெக்டட். எதை? பிழையை: தி எர்ரர். எந்தப் பிழை? கோப்பில் இருந்த: இன் தி ஃபைல். எந்தக் கோப்பு? நீங்கள் அனுப்பிய: யூ சென்ட். எப்போது? லாஸ்ட் வீக். கோர்த்தால் 'ஐ ஹேவ் கரெக்டட் தி எர்ரர் இன் தி ஃபைல் யூ சென்ட் லாஸ்ட் வீக்', முழுசாக வந்துவிட்டது. தமிழில் யோசித்ததால் வந்தது, தமிழில் யோசிப்பதை நிறுத்தியதால் வரவில்லை. முற்று எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது கையில் கிடைத்த சாவி. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு போதும். கைதட்டல் கிடைக்காது, அது உண்மைதான்.

எல்லா இடத்திலும் இப்படியே திருப்பிவிட முடியாது. 'சிவப்புப் பெட்டி' அங்கேயும் 'ரெட் பாக்ஸ்'தான், அதையும் திருப்பினால் கெட்டது. எழுவாயை வெளிப்படையாகச் சொன்னால் இரண்டிலும் அது பெரும்பாலும் முன்னால்தான். தெரியும், தெரியும்.

"பேச்சில் 'வந்தான் அவன்' என்று நாமே சொல்கிறோமே" என்று ஒருவர் வருவார். சொல்கிறோம். வேற்றுமை உருபும் வினை விகுதியும் இருப்பதால் வரிசை குலைந்தாலும் பொருள் குலையாது. ஆனால் 'கோப்பு நீங்கள் அனுப்பிய' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே வராது.

"இந்தியிலும் வினை கடைசியில்தானே, அவர்கள் திணறுவதில்லையே?" திணறுவதில்லை என்று யார் சொன்னது? ஆனால் இந்தியில் 'ஜோ' என்று 'ஹூ', 'விச்' மாதிரி ஒரு சொல் உண்டு, பெயரைச் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் ஒட்ட முடியும். நமக்கு அந்த வேலையைச் செய்வது பெயரெச்சம்.

அப்புறம் "இதெல்லாம் சாக்கு, பேசப் பேச வரும்" என்பவர்கள். உங்களுக்கு வந்தது, சந்தோஷம். நீங்கள் பேசும்போது யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. இலக்கணம் வேண்டாம், தைரியம் வேண்டும் என்கிறீர்கள், சரி, அந்தத் தைரியத்தோடுதான் அவன் எழுந்தான். எழுந்தவனை என்ன செய்தீர்கள்? நான்கு குழுக்கள். அதில் இரண்டு என் சொந்தக்காரர்கள் இருக்கும் குழுக்கள், ஒன்று என்னோடு படித்தவர்களுடையது. எல்லாரும் தமிழில்தான் சிரித்தீர்கள்.

வீடியோவை யாரும் கடைசி வரை பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சிரிப்பு அடங்கி, கேமரா வேறு பக்கம் திரும்பிவிட்ட பிறகு, பக்கத்தில் இருக்கும் பெண் "என்னடா சொல்ல வந்தே?" என்று கேட்கிறாள். அவன் மெதுவாகச் சொல்கிறான்: "எங்கப்பா வேலை பார்க்கிற கம்பெனிய மூடிட்டாங்க, அதனால நான் படிப்ப நிறுத்திட்டேன்."