ஒரு ஷீட்டில் ஏழு மேஜை வராது

நேற்று அந்தக் கமெண்ட்டைப் படித்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். டியூஷன் சென்டருக்கு 40 மேஜை செய்து கொடுத்தேன். ஒன்று 2,150 ரூபாய் என்று ஒப்புக்கொண்டு வாங்கியவர், இப்போது "பொருள் விலையைக் கூட்டினால் 1,150தான் வருகிறது, மீதி கொள்ளை" என்று எழுதியிருக்கிறார். 60 பேர் லைக் போட்டிருக்கிறீர்கள். அதில் எனக்குத் தெரிந்த முகங்களும் உண்டு.

கடையில் விற்கும் பொருளின் விலை வேறு, ஒரு மேஜைக்குள் போகும் பொருளின் விலை வேறு. இதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

மேற்பலகையை எடுத்துக்கொள்வோம். ப்ரீலாம் போர்டு 8க்கு 4 அடி, மில்லிமீட்டரில் 2440க்கு 1220. ஷீட் 2,500 ரூபாய். பலகை 900க்கு 450. பரப்பளவை வகுத்தால் 7 பலகை வரும், அவரும் அப்படித்தான் போட்டிருக்கிறார். ஆனால் ரம்பம் பரப்பளவை வெட்டாது, நேர்கோட்டில்தான் வெட்டும். எப்படித் திருப்பி வைத்தாலும் 1220 அகலத்தில் 900க்கு மேல் அடைக்க முடியாது, 320 மிஞ்சும். 2440 நீளத்தில் 450 ஐந்து முறைதான் போகும், ஆக ஒரு ஷீட்டுக்கு 5 பலகைதான். 40 மேஜைக்கு 6 ஷீட் இல்லை, 8 ஷீட். ஒரு பலகைக்குப் போர்டு மட்டும் 500 ரூபாய்.

"வேஸ்ட் ஆனது உன் திறமைக்குறைவு, நான் ஏன் அதற்குப் பணம் தர வேண்டும்?" என்று கேட்பீர்கள். முதல் நாளே அவரிடம் சொன்னேன். "சார், 450ஐ 400 ஆக்குங்கள், ஒரு ஷீட்டில் 7 வரும், 2 ஷீட் மிச்சம், 5,000 ரூபாய் குறையும்." பிள்ளைகளுக்கு நோட்டு வைக்க இடம் வேண்டும், 450தான் வேண்டும் என்றார். நியாயமான காரணம், செய்து கொடுத்தேன். அந்த 5,000 ரூபாய் இன்று கொள்ளை ஆகிவிட்டது.

ஆன்லைனில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்பவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கணக்கு எப்படி மேலே ஏறுகிறது என்று சொல்கிறேன். முதலில் பிரேம். பைப், வெல்டிங், ஆள்கூலி, பவுடர் கோட்டிங், அதற்கு ஏற்றி இறக்கும் ஆட்டோ எல்லாம் சேர்த்து 995. பலகை, விளிம்புப் பட்டி, வெட்டி ஒட்டும் கூலியுடன் 575. ஸ்க்ரூ, கால் புஷ், பூட்டும் கூலி 50. இதுவே 1,620. மாதம் வாடகை, கரண்ட், பிளேடு எல்லாம் 36,000 ரூபாய். இரண்டு ஆட்களும் சேர்ந்து மாதத்தில் உண்மையாகக் கை வைத்து வேலை செய்வது 300 மணி நேரம். அப்படியானால் மணிக்கு 120. ஒரு மேஜைக்கு 1.9 மணி நேரம், 228 ரூபாய். மொத்தம் 1,848. மீதி 302 ரூபாயில்தான் திரும்ப வரும் மேஜை, தாமதமாக வரும் பணம், என் வீட்டுச் சாப்பாடு எல்லாம்.

இதையெல்லாம் நான் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை. கம்ப்யூட்டரில் பிரேமுக்கு ஒரு கணக்கு ஷீட், மேஜைக்கு ஒரு கணக்கு ஷீட் வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மேஜை ஷீட்டில் பிரேம் விலையை 860 என்று கையால் டைப் செய்து வைத்திருந்தேன். பைப் விலை ஏறியது. பிரேம் ஷீட்டில் புது விலையைப் போட்டேன், அங்கே 995 ஆனது. மேஜை ஷீட்டில் 860 அப்படியே நின்றது. 60 மேஜை விற்ற பிறகு, பைப் கடைக்குக் கொடுக்கப் பணம் பற்றவில்லை என்றபோதுதான் உட்கார்ந்து பார்த்தேன். 8,100 ரூபாய் போயிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கட்டத்தில் எண் கிடையாது, பிரேம் ஷீட்டிலிருந்து விலையை நேராக எடுக்கும் இதுதான்:

```
=Frame!F9
```

கீழே பைப் விலை மாறினால் பிரேம் மாறும், பிரேம் மாறினால் மேஜை மாறும், அதே பிரேமில் செய்யும் பெஞ்சும் மாறும். அந்த 8,100 ரூபாய் நஷ்டத்தை நான் யார் பக்கத்திலும் போய்க் கொள்ளை என்று எழுதவில்லை.

சரி, லாபம் வைப்பது தப்பா? இதைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இன்று காலை வெல்டிங் செய்யும் தம்பி அந்தக் கமெண்ட்டைக் காட்டி, "அண்ணே, நாம அதிகமா வாங்கிட்டமா?" என்று கேட்டான். 160 காலையும் அவன்தான் பற்ற வைத்தான். அவனிடம் நான் பேப்பரும் பேனாவும் எடுக்கவில்லை. பின்பக்கச் சுவருக்குக் கூட்டிப் போனேன். 320 மில்லிமீட்டர் அகலத்தில் எட்டு பட்டைகள் அங்கே சாய்ந்து நிற்கின்றன. ஷெல்ஃப் ஆர்டர் வந்தால் அவை காசு, வராவிட்டால் மழைக்காலத்தில் ஊதிப்போகும். எண்ணிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.